ஒன்பதாம் நாளும் விடாத காய்ச்சல்: நெருப்புக் காய்ச்சலா, எலிக்காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா?

மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிற பிள்ளையிடம் காய்ச்சல் என்று சொன்னால் முதலில் வாயில் வருவது டெங்கு. வாட்டில் அது சரி. ஆனால் இறுதியாண்டு லோங் கேஸில் உங்களுக்கு டெங்கு நோயாளி கிடைப்பது அரிது. டெங்குக்காரர் பரீட்சைத் திகதிக்காகக் கட்டிலில் காத்திருக்கமாட்டார், ஒரு கிழமைக்குள் தேறி வீட்டுக்குப் போய்விடுவார். பரீட்சை நாளில் கட்டிலில் இருப்பவர் ஒன்பது நாள், பன்னிரண்டு நாள் என்று காய்ச்சல் இழுத்துக்கொண்டிருக்கிற ஆள். மலேரியாவும் பின்வரிசைக்குப் போய்விட்டது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. வெளிநாடு போய்வந்தவரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகரலாம். மிச்சம் நிற்பவை மூன்று: நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபொயிட், எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ், உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ்.

மூன்றையும் பட்டியல் போட்டுப் பாடமாக்கினால் பரீட்சகரின் இரண்டாவது கேள்வியிலேயே குழம்பிவிடும். தலையிடி, உடல் நோவு, ஈரல் வீக்கம், தட்டணு குறைவு எல்லாம் மூன்றுக்கும் பொது. நான் மாணவர்களுக்குச் சொல்வது கிருமி நுழைந்த வாசலைத் தேடச் சொல்லித்தான். டைபொயிட் வாயால் போகிறது. லெப்டோ ஈரத்தில் ஊறிய காலால் ஏறுகிறது. ஸ்க்ரப் டைபஸ், பற்றையில் உரசிய தோலில் ஒரு சிற்றுண்ணிக் குஞ்சு கடித்த இடத்தால் இறங்குகிறது. ஒரு கேஸை வைத்துப் பார்ப்போம்.

கேஸ்

படுவான்கரையைச் சேர்ந்த 38 வயது ஆண், மூன்று பிள்ளைகளின் தகப்பன். மார்ச் முதல் கிழமை. காய்ச்சல் தொடங்கி ஒன்பது நாள். மூன்றாம் நாள் பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரியில் அமொக்சிசிலின் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் வாட்டில் அனுமதி. அன்றே வைடால் பார்த்து, ஓ 1:160, எச் 1:320 என்று வந்ததும் செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் தினமும் ஏற்றத் தொடங்கியாயிற்று. இன்று நாலு டோஸ் முடிந்தும் காய்ச்சல் 39.2 பாகையில் நிற்கிறது. தலையிடி, வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. கண் சற்றுச் சிவப்பு. மண்ணீரலின் நுனி கைக்குப் படுகிறது. வெள்ளணு 9,200, தட்டணு 88,000, கிரியேட்டினின் 1.4, பிலிருபின் 1.3, ஏ.எஸ்.டி. 168, ஏ.எல்.டி. 142. அனுமதி நாளில் எடுத்த இரத்த வளர்ப்பில் ஒன்றும் முளைக்கவில்லை.

மாணவர் கேட்டார்: “என்ன தொழில் செய்றீங்க?”

“வேளாண்மதான் மகன்.”

அவ்வளவுதான். மாணவர் அதோடு பேனையை மூடிவிட்டு, “வயலில் வேலை, காய்ச்சல், கண் சிவப்பு, கிரியேட்டினின் கூட, எனவே லெப்டோ” என்று பரீட்சகரிடம் ஒப்புவித்தார். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் இங்கே வேளாண்மை என்பது ஒரு தொழில் மட்டுமில்லை, ஒரு நாட்காட்டியும்கூட. அதைக் கேட்காமல் விட்டுவிட்டார்.

“வயல்காரர், ஆனால் எந்த மாதம்?” என்று பரீட்சகர் கேட்டால்

பெரும்போகத்துக்கு உழவும் விதைப்பும் ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வட்டை முழுக்கத் தண்ணீர், வரம்பெல்லாம் எலிப் பொந்து, ஆட்கள் முழங்கால் சேற்றில். லெப்டோவுக்கு அதுவே காலம். எலியும் மாடும் விட்ட சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் மணிக்கணக்காக ஊறுகிறது, பித்த வெடிப்பிலும் கீறலிலும் கிருமி ஏறுகிறது. மாசி, பங்குனி வந்தால் கதை வேறு. அறுவடைக்காகத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், மெஷின் இறங்கக் காணி காய வேண்டும்.

ஆகவே தொழிலைக் கேட்டதோடு நில்லாமல் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். லெப்டோவின் அடைகாலம் பெரும்பாலும் 7 முதல் 14 நாள். ஸ்க்ரப் டைபஸ் 6 முதல் 21 நாள், சராசரியாகப் பத்து நாள் அளவில். டைபொயிட் ஒன்று இரண்டு கிழமை, சில வேளை அதற்கும் மேல். காய்ச்சல் பிடித்த நாளுக்கு முந்திய மூன்று கிழமையில் இவருடைய கால் எங்கே நின்றது, உடம்பு எதில் உரசியது, வாய் எதைக் குடித்தது என்று கேட்டால் போதும்.

அப்படித் திரும்பக் கேட்டபோது வந்த பதில் இது: “வட்டையில தண்ணி வடிச்சி ஒரு மாசம் ஆகுது. வாடியில ராக்காவல் கிடந்தன், ஆன வருது. காய்ச்சலுக்கு ஒரு பத்துப் பன்ரெண்டு நாளைக்கு முந்தி வேலி அடைக்கப் பத்த வெட்டினம், நானும் பெண்சாதியும்.”

ஈரக் கால் இல்லை. பற்றை இருக்கிறது. புதர் மண்டிய ஓரம், எலி ஓடுகிற புல், அதில் குந்தியிருந்து கத்தியால் வெட்டியது, வெட்டிய பற்றை மேலேயே சாரனோடு சாய்ந்து இளைப்பாறியது. சிற்றுண்ணிக் குஞ்சுகள் புல் நுனியில் காத்திருந்து, ஆள் உரசும்போது ஏறி, உடுப்பு இறுகி நிற்கிற இடத்தில் போய்க் கடிக்கும். கடித்தது தெரியாது. நோவு இல்லை, அரிப்பும் இல்லை.

டைபொயிட்டுக்கான கேள்வியையும் விடவேண்டாம். வெள்ளம் வடிந்த பிறகு எந்தக் கிணற்றில் குடித்தார், வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா, கொழும்பில் கடைச் சாப்பாட்டில் இருந்து வந்தவரா? இவருக்கு எல்லாம் இல்லை. வீட்டில் ஆறு பேர் ஒரே பானையில் குடிக்கிறார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்து யாருக்கும் ஒன்றுமில்லை. இது டைபொயிட்டை ஒதுக்கிவிடாது, சற்றுக் கீழே இறக்கும்.

“வைடால் பொசிட்டிவ்” என்று தாளில் எழுதியிருந்தால்

கட்டில் தலைமாட்டுத் தாளில் இதைக் கண்டதும் பாதிப் பேர் டைபொயிட்டுக்குச் சாய்ந்துவிடுகிறார்கள். பரீட்சகர் அந்தத் தாளை அங்கே விட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வைடால் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளை. ஓ எதிர்ப்பொருள் முதல் கிழமை கடந்த பிறகே ஏறும். எச் எதிர்ப்பொருள் எப்போதோ வந்து போன நோய்க்கும் தடுப்பூசிக்கும் நீண்ட காலம் உயர்ந்தே நிற்கும். ஓ பகுதி வேறு சல்மொனெல்லாக்களிலும் உண்டு. வேறு எந்தக் காய்ச்சல் வந்தாலும் பழைய எதிர்ப்பொருள் சற்று மேலெழும். டைபொயிட் நடமாடுகிற ஊரில் சுகமாக இருப்பவரின் இரத்தத்திலும் ஓரளவு இருக்கும். ஐந்தாம் நாளில் எடுத்த ஒற்றை வைடால் 1:160 என்பதை வைத்து நெருப்புக் காய்ச்சல் என்று உறுதி சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. ஒரு கிழமை, பத்து நாள் இடைவெளியில் இரண்டாவது மாதிரி எடுத்து நாலு மடங்கு ஏற்றம் கண்டால் அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. இடையில் மருந்து போயிருந்தால் அந்த ஏற்றமும் மழுங்கிவிடும்.

டைபொயிட்டுக்கு நம்பத் தகுந்தது இரத்த வளர்ப்பு. முதல் கிழமையில், அன்டிபயோட்டிக் தொடுவதற்கு முன், வயதுவந்தவரிடம் குறைந்தது 10 மில்லிலீற்றர் எடுத்தால்தான் பலன். கிருமி இரத்தத்தில் மிகக் குறைவாகவே இருக்கும், மூன்று மில்லி எடுத்து அனுப்பிவிட்டு “நெகட்டிவ்” என்று நிம்மதியடையக் கூடாது. நம்முடைய நோயாளிக்கு அமொக்சிசிலின் ஏற்கெனவே போயிருக்கிறது. ஆகவே இவரது வளர்ப்பு வெறுமையாக வந்ததும் டைபொயிட்டை முற்றாகத் தள்ளப் போதாது. எலும்பு மச்சை வளர்ப்பு மருந்து தொடங்கிய பிறகும் சில நாள் கிருமியைக் காட்டும், ஆனால் அதற்கு யாரும் உடனே ஊசி எடுக்கமாட்டார்கள். பரீட்சையில் சொல்லிவையுங்கள், செய்யச் சொல்லாதீர்கள்.

இன்னொரு சிறு விஷயம், எனக்கு மிகப் பிடித்தது. காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். டைபொயிட்காரர் பெரும்பாலும் தடுமாறுவார். “ஒரு மாதிரியா இருந்திச்சி, பிறகு பின்னேரத்தில காயும், பிறகு கூடிட்டுது” என்பார். படிப்படியாக ஏறுகிற காய்ச்சலுக்குத் தொடக்க நாள் இல்லை. லெப்டோக்காரர் நாளும் நேரமும் சொல்வார்: “செவ்வாக்கிழம பின்னேரம் வரம்பில நிக்கக்குள்ள குளிர் பிடிச்சிது.” ஸ்க்ரப் டைபஸ் நடுவில் நிற்கும், பல பேரில் சற்றுத் திடீரென்றே. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ஆனால் செலவில்லாத சோதனை.

நாடித் துடிப்பு காய்ச்சலுக்கு ஏற்ப ஏறாமல் மந்தமாக இருப்பதை டைபொயிட்டின் அடையாளமாகப் புத்தகம் சொல்லும். லெப்டோவிலும் ஸ்க்ரப்பிலும் அதைக் கண்டிருக்கிறேன். ரோஜாப் புள்ளிகள் நம்முடைய தோல் நிறத்தில் தெரிவதே கஷ்டம். இரண்டையும் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

செஃப்ட்ரையாக்சோன் நாலு நாள் போயும் காய்ச்சல் விடவில்லை என்றால்

மாணவர்கள் இங்கே இரண்டு வகையாகப் பிழை விடுகிறார்கள். ஒரு கூட்டம், “மருந்து வேலை செய்யவில்லை, கிருமி எதிர்ப்புப் பெற்றுவிட்டது” என்று மெரோபெனெம் வரைக்கும் போய்விடும். மற்றக் கூட்டம், “நாலு நாளில் விடவில்லை, ஆகவே டைபொயிட் இல்லை” என்று அடித்துச் சொல்லும்.

இரண்டும் அவசரம். உண்மையான டைபொயிட்டிலேயே சரியான செஃப்ட்ரையாக்சோன் போனாலும் காய்ச்சல் இறங்க நாலு முதல் ஆறு நாள் பிடிக்கும். வெப்பநிலைத் தாளில் உச்சி நாளுக்கு நாள் கொஞ்சம் குறைகிறதா, சாப்பாடு கேட்கிறாரா, முகம் தெளிகிறதா என்று பார்க்க வேண்டும். நம்முடைய நோயாளியின் தாளில் நாலு நாளும் ஒரே உயரத்தில் உச்சி. இருமல் புதிதாகக் கூடியிருக்கிறது, தட்டணு 130,000 இலிருந்து 88,000 ஆக இறங்கியிருக்கிறது. சும்மா மெதுவாகத் தேறுகிற டைபொயிட் இப்படிப் போகாது.

டெங்குவோடு இங்கே ஒரு வேறுபாடு. டெங்குவில் தட்டணு விழுவது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற வேளையில், நாலாம் நாள் ஐந்தாம் நாள் அளவில். ஒன்பதாம் நாளும் 39 பாகைக் காய்ச்சலோடு தட்டணு விழுந்துகொண்டிருந்தால் டெங்குவுக்கு மேலே வேறொன்றை எழுதுங்கள்.

செஃப்ட்ரையாக்சோன் லெப்டோவுக்கும் நல்ல மருந்து, டைபொயிட்டுக்கும் நல்ல மருந்து. ஸ்க்ரப் டைபஸின் கிருமியான ஒரியென்சியா உயிரணுவுக்குள்ளே ஒளிந்திருந்து பெருகும். பெனிசிலின் குடும்பமும் செஃப்ட்ரையாக்சோன் குடும்பமும் அதைத் தொடவே தொடாது. ஆகவே செஃப்ட்ரையாக்சோனில் அசையாத காய்ச்சலும், பற்றை வரலாறும், தட்டணுக் குறைவும், ஈரல் நொதிகள் இலேசாக ஏறியிருப்பதும், மார்புப் படத்தில் இரு பக்கமும் வலை போன்ற நிழலும் சேர்ந்து வந்தால் அடுத்து செய்ய வேண்டியது ஒன்றுதான். சாரனை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

காய்ப்புண்ணைத் தேடுதல்

இதை நான் சற்று விரிவாக எழுதக் காரணம் என் பழைய பிழை. இன்டேர்ன் காலத்தில் ஒரு வாட்டில் ஆறு நாள் ஒருவரைத் தினமும் பார்த்தேன், நெஞ்சு கேட்டேன், வயிறு அமுக்கினேன், சாரனின் முடிச்சைத் தளர்த்தவில்லை. ஏழாம் நாள் தாதி ஒருவர் உடம்பு துடைக்கும்போது, சிற்றுண்ணி கடித்த இடத்தில் வந்த காய்ப்புண்ணைக் கண்டு சொன்னார். முடிச்சுக்கு நேர் கீழே, ஒரு சதத்துக் காசைவிடச் சிறிதாக.

சிகரட் சுட்ட தழும்பு போல, நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிவரச் சிவந்த வளையம். நோவில்லை என்பதால் நோயாளிக்கே தெரியாது, கேட்டால் இல்லை என்பார். கேட்பதில் பயனில்லை, பார்க்க வேண்டும். இடுப்பைச் சுற்றி, கவட்டில், விதைப்பையில், ஆசனவாயைச் சுற்றி, கக்கத்தில், முழங்கால் மடிப்பில், காதுக்குப் பின்னால், பெண்களில் மார்பின் கீழ் மடிப்பில். மறைப்புப் போட்டு, அனுமதி கேட்டு, பெண் நோயாளியானால் பெண் தாதி நிற்க. பரீட்சகர் பார்ப்பது நீங்கள் கண்டுபிடித்தீர்களா என்பதை மட்டுமல்ல, எப்படித் தேடினீர்கள் என்பதையும்.

தேடலைச் சுருக்க ஒரு வழி உண்டு. முதலில் நிணநீர்க் கட்டிகளைத் தடவுங்கள். கவட்டில் ஒரு பக்கம் மட்டும் நோவுள்ள கட்டி இருந்தால் புண் அடிவயிற்றிலோ, பிறப்புறுப்பிலோ, பிட்டத்திலோ, அந்தப் பக்கக் காலிலோ. கக்கத்தில் இருந்தால் கை, மார்பு, முதுகு. கட்டி காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலானோர் தவறவிடுவது ஈரமான மடிப்பில் இருக்கிற புண்ணை. விதைப்பையிலும் கக்கத்திலும் வியர்வை ஊறுவதால் கறுத்த பொருக்கு காயாது. மஞ்சள் அடியுள்ள ஒரு சின்னத் திறந்த புண்ணாகவே நிற்கும். கறுப்பைத் தேடினால் காணாது.

நம்முடைய நோயாளிக்கு வலது கவட்டில் ஒரு கட்டி, வலது பக்க இடுப்பில் பெல்ட் அழுந்துகிற இடத்தில் கறுத்த பொருக்கு. பொருக்கின் ஓரத்தை எடுத்துப் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினால் உறுதி கிடைக்கும். புண் இல்லாவிட்டால் ஸ்க்ரப் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், இல்லாதவர்களும் பலர். அப்போது ஐஜிஎம் எலைசா, அல்லது இரண்டு மாதிரிகளில் நாலு மடங்கு ஏற்றம் காட்டுகிற ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை. பழைய வெய்ல்–பீலிக்ஸ் சோதனையில் ஓ.எக்ஸ்.கே. மட்டும் உயர்ந்திருந்தால் ஸ்க்ரப் பக்கம் சாயும். ஆனால் அது பலரைத் தவறவிடும், ஏறுவதும் இரண்டாம் கிழமையில்தான். இந்தச் சோதனைகளுக்குப் பதில் வரும் வரை மருந்தை நிறுத்தி வைப்பது பிழை.

கண் மஞ்சளாகி, மூத்திரம் குறைந்திருந்தால்

இதே நோயாளியை இப்போது மாற்றிப் பார்ப்போம். அதே ஆள், ஆனால் மாதம் கார்த்திகை. மூன்று கிழமையாக நாற்று வயலில். ஆறாம் நாள் காய்ச்சல். நடக்கவே முடியவில்லை, ஆடுசதையைத் தொட்டால் முகம் சுளிக்கிறார், நாரியும் அப்படியே. கண் சிவந்திருக்கிறது, ஆனால் பூளை இல்லை. இரண்டு நாளாக மூத்திரம் குறைவு, இன்று கண்ணில் மஞ்சள். பிலிருபின் 9, ஏ.எல்.டி. 96, கிரியேட்டினின் 4.1, பொட்டாசியம் 3.1, வெள்ளணு 14,500 நியூட்ரோபில் மிகுதியாக, தட்டணு 62,000, சி.பி.கே. பல மடங்கு ஏற்றம்.

இங்கே பார்க்க வேண்டியது பிலிருபினுக்கும் ஈரல் நொதிக்கும் இடையில் உள்ள பொருத்தமின்மை. வைரஸ் ஈரல் அழற்சியில் இப்படி மஞ்சள் பிடித்தால் நொதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். லெப்டோவில் கண் மஞ்சளாகும் அளவுக்கு ஈரல் செல்கள் சாகவில்லை, அதனால் ஏ.எல்.டி. பெரும்பாலும் 200 க்குள் அடங்கும். இரண்டாவது, சிறுநீரகம் பழுதாகியும் பொட்டாசியம் குறைவாக இருப்பது. மற்றச் சிறுநீரகப் பழுதுகளில் அது ஏறும். லெப்டோவில் சிறுநீரகக் குழாய் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கசியவிடுகிறது. பரீட்சகர் இந்த இரண்டு எண்ணையும் தாளில் வைத்து, நீங்கள் காண்கிறீர்களா என்று பார்ப்பார்.

முதல் கிழமையில் கிருமி இரத்தத்தில், ஆகவே இரத்தத்தில் பி.சி.ஆர். ஐந்து ஏழு நாள் கடந்தால் ஐஜிஎம். எம்.ஏ.டி. சோதனையில் ஒற்றை மாதிரி 1:400 அல்லது மேல், அல்லது நாலு மடங்கு ஏற்றம். அந்தப் பதில் வரும்போது நோயாளி வீட்டிலோ டயாலிசிஸிலோ இருப்பார். ஆகவே மருந்து அன்றே: பெனிசிலின் 1.5 மில்லியன் யூனிட் ஆறு மணிக்கொருமுறை நாளத்தால், அல்லது செஃப்ட்ரையாக்சோன் தினமும் 1 கிராம், ஏழு நாள். இலேசான நோயென்றால் வாயால் டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் இருவேளை. முதல் டோஸ் போய்ச் சில மணிக்குள் நடுக்கமெடுத்து, காய்ச்சல் கூடி, இரத்த அழுத்தம் தாழலாம். கிருமி சாகும்போது வருகிற எதிர்வினை அது. பெனிசிலின் ஒவ்வாமை என்று எழுதி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், தாங்கிப் பிடியுங்கள்.

இருமலில் இரத்தம் கண்டாலோ, மூச்சு எண்ணிக்கை ஏறினாலோ நுரையீரல் இரத்தக் கசிவை நினைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவோடு பேச வேண்டும். லெப்டோவில் ஆளை விரைவாகக் கொண்டுபோவது அதுவே, சிறுநீரகம் அல்ல. டயாலிசிஸில் போட்டால் சிறுநீரகம் மீண்டு வரும்.

மூன்றாம் கிழமை, வயிறு திடீரென்று நொந்தால்

இது டைபொயிட். அதே ஆளை இன்னொருமுறை மாற்றினால்: மெதுவாக ஏறிய காய்ச்சல், முதலில் மலச்சிக்கல், பிறகு பட்டாணிக் கஞ்சி போல வயிற்றோட்டம், வெள்ளணு 3,800, இயோசினோபில் காணவில்லை. பதினாறாம் நாள் காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது, நாடி 130 க்கு ஏறுகிறது, வயிறு இறுகுகிறது. தேறுகிறார் என்று சந்தோஷப்பட வேண்டாம், சிறுகுடலின் கடைசிப் பகுதி துளைத்துவிட்டது. நிமிர்ந்த மார்புப் படம் எடுத்து உதரவிதானத்தின் கீழ் காற்றைப் பார்த்து, சத்திரசிகிச்சை வாட்டுக்கு அழைப்புப் போகவேண்டும்.

மருந்து செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம், 10 முதல் 14 நாள். சிக்கலில்லாதவருக்கு அசித்ரோமைசின் ஒரு கிழமை. சிப்ரோஃப்ளொக்சசினை உணர்திறன் தாள் பார்க்காமல் சொல்லாதீர்கள், தெற்காசியக் கிருமிகள் அதற்குப் பணிவது குறைந்துவிட்டது.

எதுவென்று தெரியாத நிலையில் எதைத் தொடங்குவது

இரண்டு மருந்துகளின் எல்லையை மனதில் கீறிக்கொள்ளுங்கள். செஃப்ட்ரையாக்சோன் டைபொயிட்டையும் லெப்டோவையும் மூடும், ஸ்க்ரப்பை விட்டுவிடும். டொக்சிசைக்கிளின் ஸ்க்ரப்பையும் லெப்டோவையும் மூடும், டைபொயிட்டுக்கு நம்ப முடியாது. ஆகவே நோய் கடுமையாகவும் வாசல் தெரியாமலும் இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தொடங்குவது நியாயம். வளர்ப்புக்கு இரத்தம் எடுத்த பிறகு.

நம்முடைய நோயாளிக்கு டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் இருவேளை, ஏழு நாள். முதல் டோஸுக்குப் பின் முப்பது மணியளவில் காய்ச்சல் இறங்கியது, மறுநாள் சோறு கேட்டார். ஸ்க்ரப் டைபஸ் டொக்சிசைக்கிளினுக்கு இவ்வளவு விரைவாகப் பணிவதே ஒரு சோதனை மாதிரி. 48 மணி கடந்தும் அசையாவிட்டால் உங்கள் முடிவை மறுபடியும் சந்தேகியுங்கள்.

அப்படி அசையாத ஆளுக்கு, அதுவும் நீரிழிவு உள்ள வயல்காரருக்கு, நம்முடைய பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதியாக வேண்டும்: மெலியோய்டோசிஸ். மட்டக்களப்பில் அது புதிதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டி இருக்கிறதா என்று ஸ்கான் செய்யுங்கள். இரத்த வளர்ப்பில் ஏதோ “சூடோமோனாஸ் வகை, கலப்படமாயிருக்கலாம்” என்று ஆய்வுகூடம் எழுதினால் தொலைபேசியை எடுத்து நேரில் பேசுங்கள். செஃப்ட்ரையாக்சோன் அதற்குப் போதாது, செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும்.

மூன்று காய்ச்சலும் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்கள். சோதனைப் பதிலுக்குக் காத்திராமல் சந்தேகத்திலேயே எச் 544 படிவம் எம்.ஓ.எச். அலுவலகத்துக்குப் போகவேண்டும். இதைச் சொல்ல மறந்து புள்ளி இழந்தவர்கள் ஏராளம். லெப்டோ என்றால் பி.எச்.ஐ. அதே வட்டையில் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்.

நம்முடைய நோயாளியின் கேஸில் பரீட்சகரின் கடைசிக் கேள்வி இது: “இவரைத் துண்டு வெட்டி அனுப்ப முன் இன்னும் யாரைப் பார்க்க வேண்டும்?” மாணவர் யோசித்தார். வரலாற்றில் அந்தச் சொல் இருந்தது: நானும் பெண்சாதியும். அவரை வரச் சொன்னோம். ஐந்து மாதக் கர்ப்பம், மூன்று நாளாகக் காய்ச்சல், வயிற்றுப் பிள்ளைக்காக மருந்து எடுக்காமல் பனடோலோடு இருந்திருக்கிறார். இடது மார்பின் கீழ் மடிப்பில், ஈரமாக, பொருக்கில்லாத ஒரு சின்னப் புண். கர்ப்பத்தில் டொக்சிசைக்கிளினைத் தவிர்த்து அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் தினமும் ஐந்து நாள் கொடுத்தோம். இரண்டாம் நாள் பின்னேரம் அவருக்கும் காய்ச்சல் விட்டது.